எண்கள் சரி, முடிவு ஒட்டவில்லை: சொட்டுநீர் அறிக்கையில் எங்கே குறியிடுவது?

அவிநாசி மேற்கு:
வணக்கம். எங்கள் விவசாயிகள் சங்கம் மாவட்ட நிர்வாகத்திடம் கொடுக்க ஒரு நிலைப்பாட்டு அறிக்கை தயாரித்திருக்கிறது. எழுதியவர் சங்கத்தின் மூத்தவர், நான் பெரியப்பா என்று கூப்பிடுகிறவர். அனுப்பும் முன் படித்து, ஓட்டை இருந்தால் ஓரத்தில் குறித்துத் தரச் சொல்லி என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அதன் சாரம் இது:

“சொட்டுநீர் போட்ட தோட்டங்களில் ஏக்கருக்கு மோட்டார் ஓடும் நேரம் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்துள்ளது. 2017க்குப் பிறகு நம் பகுதியில் சொட்டுநீர்ப் பரப்பு பெருகியது. 2017 மே மாதத்தில் அடிமட்டத்தில் கிடந்த கிணறுகள் 2022 ஜனவரியில் மேலேறி நின்றன. எனவே நிலத்தடி நீரை மீட்டது சொட்டுநீரே. ஆகவே புதிய மின் இணைப்பு கேட்கும் ஒவ்வொரு தோட்டத்துக்கும் சொட்டுநீரைக் கட்டாயமாக்க வேண்டும்.”

மோட்டார் நேரத்தைப் பின்னிணைப்போடு ஒப்பிட்டேன், நீர்மட்டத்தை அரசின் கண்காணிப்புக் கிணற்றுப் பதிவோடு ஒப்பிட்டேன். ஓர் எண்கூடத் தவறில்லை. ஆனால் “எனவே” என்ற இடத்துக்கு வரும்போதெல்லாம் கால் தடுக்குகிறது. எங்கள் தென்னையில் பாதிக்குச் சொட்டுநீர்தான், நான் அதற்கு எதிரி அல்ல. எதை, எப்படிக் குறிப்பது?

தென்னந்தோப்பு:
40 சதவீதம் என்பதெல்லாம் புதிதாகப் போட்ட முதல் இரண்டு வருடம்தான் அம்மிணி. எங்கள் போர் தண்ணீர் உப்பு. டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டிவிடுகிறது. மோட்டார் அதே நேரம் ஓடுகிறது, கடைசி வரிசை மரத்துக்குச் சொட்டு இல்லை. அமிலம் விட்டுக் கழுவியும் பாதிதான் திறந்தது. யாராவது நல்ல வடிகட்டி சொல்லுங்கள்.

புள்ளிக்கோலம்:
கேள்வி அடைப்பைப் பற்றியதல்ல அண்ணா. அவிநாசி அக்கா, உங்கள் அறிக்கை முதல் பார்வையிலேயே விழுந்துவிடுகிறது. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுமைக்கும் இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. அடுத்த மே மாதம் கிணறு வறண்டு கிடக்காமல் வேறு எப்படி இருக்கும்? 2021இல் அதே பருவமழை இயல்பைவிட மிகவும் அதிகம். அது முடிந்த கையோடு ஜனவரியில் அளந்தால் சொட்டுநீர் இல்லாத ஊரிலும் கிணறு நிறைந்துதான் இருக்கும். ஏற்றத்துக்குக் காரணம் மழை, சொட்டுநீருக்கு அதில் பங்கே இல்லை. அறிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கிணற்றடி:
நிலத்தடி நீர்ப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். புள்ளிக்கோலம் தம்பி சொன்னதில் முதல் பாதி சரி. அதில் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியம் வருடத்தில் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று நான்கு முறை அளப்பதே, பருவத்துக்குப் பருவம் மட்டம் ஏறி இறங்குவதால்தான். மே அளவை ஜனவரி அளவோடு ஒப்பிட்டால், வறட்சியோ பெருமழையோ இல்லாத சாதாரண வருடத்திலும் ஏற்றம் தெரியும். ஆக, வருடமும் கோணல், மாதமும் கோணல்.

ஆனால் “பங்கே இல்லை” என்பதற்குத் தம்பியிடமும் சான்று இல்லை. மழை நன்றாகப் பெய்தது என்பதால் சொட்டுநீர் ஒன்றும் செய்யவில்லை என்று ஆகிவிடாது. இந்த இரண்டு அளவுகளை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது, அவ்வளவுதான் சொல்ல முடியும். அறிக்கை தன் சான்றைத் தாண்டிப் பேசியது போலவே தம்பியின் மறுப்பும் தாண்டிப் பேசுகிறது. ஓரத்தில் “தவறு” என்று எழுதாதீர்கள், “இந்தச் சான்றிலிருந்து இது வராது” என்று எழுதுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. முன்னதற்கு உங்கள் பெரியப்பா சண்டைக்கு வருவார், பின்னதற்கு வேறு சான்று தேடுவார்.

எனக்கு இதைவிடப் பெரிய ஓட்டை முதல் வாக்கியத்துக்கும் நான்காவதுக்கும் நடுவில் இருக்கிறது. முதல் வாக்கியம் *ஏக்கருக்கு* என்கிறது. நான்காவது, பகுதி முழுவதற்குமான நிலத்தடி நீரைப் பற்றிப் பேசுகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக, எழுதாமல் விட்ட ஒரு வாக்கியம் தேவைப்படுகிறது: “மிச்சமான தண்ணீரை யாரும் இறைக்கவில்லை.” அதைப் பென்சிலால் நடுவில் எழுதிவிட்டு, அறிக்கையில் அதற்கு எங்காவது சான்று இருக்கிறதா என்று தேடுங்கள். பின்னிணைப்பில் பாசனப் பரப்பு கொடுத்திருக்கிறார்களா?

அவிநாசி மேற்கு:
இருக்கிறது ஐயா! நான் மோட்டார் நேரத்தை மட்டும் பார்த்து, பக்கத்துப் பத்தியை விட்டுவிட்டேன். முதல் தோட்டத்தின் பதிவு: முன்பு 3 ஏக்கர், ஏக்கருக்கு வாரம் 12 மணி நேரம். சொட்டுநீருக்குப் பிறகு 5 ஏக்கர், ஏக்கருக்கு 7 மணி நேரம்.

கிணற்றடி:
பெருக்கிப் பாருங்கள். முன்பு வாரம் 36 மணி நேரம், இப்போது 35. ஏக்கர்க் கணக்கில் 40 சதவீதத்துக்கு மேல் மிச்சம். கிணற்றின் கணக்கில் வாரத்துக்கு ஒரு மணி நேரம்!

நம் பக்கத்தில் இது விந்தையல்ல. நிலம் இருக்கும், தண்ணீர் இருக்காது. கிணறு ஊறுகிற அளவுக்குத்தான் தோட்டம், மிச்சமெல்லாம் மேட்டாங்காடாகக் கிடக்கும். சொட்டுநீர் வந்ததும் அந்த மேட்டாங்காட்டில் இரண்டு ஏக்கர் தென்னையாகிறது. விவசாயிக்கு அது நல்ல வருமானம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கிணற்றில் மீந்தது என்று சொல்ல இயலாது. ஒரு தோட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். எல்லாத் தோட்டங்களுக்கும் பரப்பையும் நேரத்தையும் பெருக்கி ஒரு புதிய பத்தி போடுங்கள். பரப்பைக் கூட்டாதவர்கள் பலர் இருந்தால் பெரியப்பாவின் வாதம் ஓரளவு பிழைக்கும்.

இந்த ஆபத்து அமெரிக்காவின் கேன்சாஸிலும் பதிவாகியிருக்கிறது. தெளிப்பானை மேம்படுத்த அங்கே மானியம் கொடுத்தார்கள். மாற்றியவர்கள் இறைத்த நிலத்தடி நீர் கூடியது என்று 2014இல் வந்த ஆய்வு சொன்னது. இதை அவிநாசிக்குச் சான்றாகக் காட்டாதீர்கள், அதுவும் ஒரு தாவல்தான். விடுபட்ட அந்த வாக்கியம் தானாக உண்மையாகிவிடாது என்பதற்கு மட்டும் இது போதும்.

தென்னந்தோப்பு அண்ணன் கேள்வியை மாற்றிப் புரிந்துகொண்டாலும் ஒரு நல்ல புள்ளியைக் கொடுத்துவிட்டார். மோட்டார் ஓடிய நேரம் என்பது தண்ணீரின் அளவு அல்ல. டிரிப்பர் அடைத்தாலும், நீர்மட்டம் இறங்கினாலும், மோட்டாரை மாற்றினாலும் ஒரு மணி நேரத்தில் வரும் தண்ணீர் மாறும். அறிக்கை நேரத்தை அளந்துவிட்டு நீரைப் பற்றிப் பேசுகிறது. அதையும் குறியுங்கள்.

வாய்க்கால்மேடு:
நான் கீழ்பவானிப் பாசனக்காரன். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடக் கூடாது என்று நாங்கள் போராடியபோது சொன்னதே, கசிவு வீணல்ல, அதுதான் எங்கள் கிணறுகளுக்கு ஊற்று என்று. உங்கள் அறிக்கையோ வாய்க்காலில் பாய்ச்சினால் கசிவதெல்லாம் நட்டம் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. மடை கட்டிப் பாய்ச்சிய தண்ணீரில் ஒரு பங்கு கீழே இறங்கி அதே கிணற்றுக்குத் திரும்புகிறது. சொட்டுநீரில் அது நின்றுபோகும். அதைக் கழிக்காமல் மிச்சம் என்று சொல்லலாமா?

புள்ளிக்கோலம்:
இது நல்ல கேள்வி. நான் யோசிக்கவே இல்லை. ஆனால் ஆயிரம் அடி போரில் இறைக்கிற தோட்டத்துக்கு மேலே கசிகிற தண்ணீர் எப்போது போய்ச் சேரும்?

கிணற்றடி:
அங்கேதான் நானும் உறுதியாகப் பேச மாட்டேன். நம்முடையது கடினப் பாறை. மேலே சிதைந்த பாறையடுக்கு, அதில் திறந்த கிணறு. அதற்குக் கீழே வெடிப்புகளில் ஓடுகிற தண்ணீர்தான் போருக்கு. திறந்த கிணற்றுத் தோட்டத்தில் வாய்க்கால்மேடு சொல்வது பெரும்பாலும் பொருந்தும். ஆழ்துளைக் கிணற்றில் வெடிப்பு மேலடுக்கோடு எப்படி இணைகிறது என்பதைப் பொறுத்தது, தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். அறிக்கையில் எது கிணறு, எது போர் என்றே பிரிக்கவில்லை என்றால் “தகவல் போதாது” என்று குறியுங்கள், எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

வாய்க்கால்மேடு:
தகவல் போதாது என்று எழுதினால் அதிகாரி அந்தப் பக்கத்தைப் படிக்காமல் புரட்டிவிடுவார் ஐயா. கழிக்க வேண்டும் என்றே எழுத வேண்டும். இதில் உங்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை.

அவிநாசி மேற்கு:
ஓரக் குறிப்புகளை இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

“40 சதவீதம்” அருகே: *எண் சரி. ஆனால் இது மோட்டார் நேரம், நீரின் அளவு அல்ல. பரப்போடு பெருக்கிய மொத்தத்தையும் தரவும்.*

“மேலேறி நின்றன” அருகே: *பதிவு சரி. வறட்சிக்குப் பிந்திய மே, பெருமழைக்குப் பிந்திய ஜனவரி. ஒரே மாதத்தை வருடா வருடம் மழையளவோடு சேர்த்துத் தரவும்.*

“எனவே” அருகே: *மிச்சமான நீரை யாரும் இறைக்கவில்லை என்பதற்குச் சான்று எது? பின்னிணைப்பின் முதல் தோட்டம் இதற்கு எதிராக இருக்கிறது.*

“கட்டாயமாக்க வேண்டும்” அருகே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அந்த வாக்கியத்தில் ஏதோ இடிக்கிறது.

கிணற்றடி:
குறிப்புகள் நன்று. இரண்டாவதில் ஒன்று சேர்க்கலாம். சொட்டுநீர் பரவலாக உள்ள சில ஊர்களையும், அதே மழை பெற்ற, சொட்டுநீர் குறைவான பக்கத்து ஊர்களையும் எடுத்து, இரண்டிலும் மட்டம் மாறிய விதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். மழையும் சொட்டுநீரும் ஓரளவு பிரிவது அங்கேதான்.

கடைசி வாக்கியத்தில் இடிப்பது இது. சான்று முழுவதும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மோட்டார்களைப் பற்றியது. பரிந்துரை *புதிய* இணைப்புகளைப் பற்றியது. புதிய இணைப்பு என்றால் இதுவரை இறைக்காத ஓர் இடத்தில் புதிதாக இறைப்பது. சொட்டுநீரோடு வந்தாலும் அது கூடுதல் இறைப்புதான், குறைவாகக் கூடும், அவ்வளவே. மேலே சொன்ன அத்தனையும் சரி என்றே வைத்துக்கொண்டாலும், “நீரை மீட்க” இந்தப் பரிந்துரை உதவாது. “புதிய இணைப்புகளால் வரும் சுமையைக் குறைக்க” என்று நோக்கத்தை மாற்றினால் வாதம் நிற்கும். இன்னொன்று: பின்னிணைப்பில் உள்ளவர்கள் எல்லோரும் விரும்பிப் போட்டவர்கள். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் இருக்கிறபோதும் போடாதவர்கள் ஏன் போடவில்லை என்று அறிக்கை கேட்கவே இல்லை.

தென்னந்தோப்பு:
நான் சொல்கிறேன் ஏன் என்று. அடைப்பு.

அவிநாசி மேற்கு:
அண்ணா, அதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டேன். பெரியப்பா முதல் மூன்று குறிப்புகளைப் படித்துவிட்டுப் பெருக்கல் பத்தியைப் போட உட்கார்ந்துவிட்டார். கடைசிக் குறிப்பை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை, கட்டாயம் என்ற சொல்லை எடுத்தால் கோரிக்கையே இல்லை என்கிறார். அவர் இப்போது கேட்பது: 2017, 2022 வேண்டாம் என்றால் 2023 மே, 2025 மே எடுத்துக்கொள்ளலாமா? இரண்டும் மே மாதம்தானே என்கிறார்.

கிணற்றடி:
மாதம் சரியாகிவிட்டது. ஆனால் நடுவில் 2024 ஆகஸ்ட்டில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கிவிட்டது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை எடுத்து 1,045 குளம் குட்டைகளுக்கு விடுகிறார்கள். குளத்தங்கரைக் கிணறு ஏறினால் அதைச் சொட்டுநீரின் கணக்கில் எழுத முடியாது. அந்த இரண்டு வருடங்களைத்தான் எடுப்பது என்றால், திட்டத்தில் சேராத குளங்களை ஒட்டிய ஊர்களைத் தனியாகப் பிரித்து எடுக்கச் சொல்லுங்கள். எந்தெந்தக் குளம் சேர்ந்தது என்ற பட்டியல் நீர்வளத் துறையிடம் கிடைக்கும்.