¶-க்கு என்ன பெயர்? வியாழனுக்குள் சொல் தேவை

மாலதி:
வணக்கம். சமூக மன்றத்தில் சனிக்கிழமை மூத்தோருக்கான கணினி வகுப்பு. பிடிஎஃப் கோப்பை வேர்டில் திறந்து சீர்செய்வது பாடம். கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு வாக்கியத்தில் நிற்கிறேன்: "ஒவ்வொரு வரியின் கடைசியிலும் உள்ள ____-ஐ நீக்கவும்." மாற்றிய கோப்பில் Ctrl+Shift+8 அழுத்தினால் வரிக்கு வரி ¶ தெரியும், அதுதான். "பத்திக்குறி" என்று எழுதியிருந்தேன். ஆனால் பத்தி உண்மையிலேயே முடியும் இடத்திலும் அதே குறிதான். நீக்க வேண்டியதற்குத் தனிப்பெயர் வேண்டும்.

பஷீர்:
மாலதி, எல்லாரும் சொல்வது "என்டர்". அதையே போடுங்கள். புதுச்சொல் எதற்கு? Replace-ல் மேலே `^p`, கீழே ஓர் இடைவெளி, Replace All. ஒரு நிமிட வேலை. Shift+Enter அடித்தாலும் அதே என்டர்தானே.

இளங்கோ:
பஷீர் அண்ணே, பாதி சரி. Shift+Enter அடித்தால் வருவது ↵. அது வரியை மட்டும் மடிக்கும், Replace-ல் `^l` என்று தேட வேண்டும். ¶ வேறு. ஒரு பத்தியின் எழுத்து நடை, ஓரம், தலைப்புநிலை எல்லாம் அந்தக் குறியோடு ஒட்டியிருக்கின்றன. குறியை அழித்தால் பத்தி அடுத்ததோடு ஒட்டிக்கொள்ளும், தலைப்பு தலைப்பாக இருக்காது. நீங்கள் சொன்ன ஒரு நிமிட வேலையை இதில் செய்து பாருங்கள்:

```
ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை¶
பத்து மணிக்கு வகுப்பு தொடங்கும்.¶
பதிவு¶
முன்கூட்டியே பெயர் கொடுக்க¶
வேண்டும்.¶
```

"தொடங்கும். பதிவு முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும்." என்று ஒரே கட்டியாகிவிடும். "பதிவு" ஒரு தலைப்பு என்பது போயே போச்சு. ஆறு பக்கக் கோப்பில் இப்படிப் புதைந்த தலைப்புகளைப் பிறகு தேடி எடுப்பது பெரும்பாடு.

சேது:
அன்பர்களே, "பத்தி" நம் சொல்லே அன்று. பங்க்தி என்னும் வடசொல் பந்தி, பத்தி என்று ஆனது. வரிசை என்பதே அதன் பொருள். ஊதுபத்தி இன்னொன்று, பக்தி தமிழில் பத்தியானது வேறொன்று. "பத்தியை நீக்கு" என்று வகுப்பில் சொன்னால் மூத்தோர் என்ன நினைப்பார்களோ! யாப்பில் வரிக்கு "அடி" என்று பெயர் இருக்கிறதே. "அடிமுறி" என்று வைக்கலாம்.

பஷீர்:
ஐயா, அடிமுறி என்றால் காலை ஒடித்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. அதுவும் மூத்தோர் வகுப்பில்!

மாலதி:
"போலிப்பத்தி" எப்படி? பத்தி மாதிரி தெரிகிறது, ஆனால் பத்தி இல்லை.

சேது:
அம்மா, இலக்கணத்தில் போலி என்றால் எழுத்து மாறினாலும் பொருள் மாறாதது. அறம், அறன் இரண்டும் ஒன்றே, அது கடைப்போலி. இங்கே ஒரு வாக்கியம் நாலு துண்டாகிப் பொருளே கெடுகிறது. ஆகவே போலி பொருந்தாது. "பொய்ப்பத்தி" என்றால் ஒருவாறு ஏற்பேன்.

சாந்தி:
எனக்கும் இதே இடைவெளிப் பிரச்சினை. தமிழ்ப் பயிற்சித்தாள் ஒன்றை மாற்றினேன். "செ ய்தி", "பா டம்" என்று சொல்லுக்கு நடுவே ஓட்டை. சில இடங்களில் ெ தனியாகப் புள்ளி வட்டத்தோடு நிற்கிறது. `^p` மாற்றினால் சரியாகுமா?

இளங்கோ:
சாந்தி அக்கா, உங்களுடையது வேறு நோய். பிடிஎஃப் கோப்பில் எழுத்துருவங்கள் தாளில் எங்கே நிற்க வேண்டும் என்ற கணக்குத்தான் அடிப்படை. சொல் இடைவெளி தனி எழுத்தாகப் பதிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. இரண்டு உருவங்களுக்கு நடுவே கொஞ்சம் அகலம் தெரிந்தால், இங்கே ஒரு சொல் முடிந்தது என்று கோப்பை மாற்றும் நிரல் ஊகிக்கிறது. தமிழில் துணைக்கால், கொம்பு எல்லாம் தனித்தனி உருவமாக இருப்பதால் ஊகம் அடிக்கடி தப்புகிறது. கொம்பு பார்வைக்கு க-வுக்கு முன்னால் நின்றாலும், யூனிகோடில் க முதலில், கொம்பு பிறகு. பார்த்த வரிசையிலேயே எடுத்து வைத்தால் புள்ளி வட்டம் வரும்.

ஒட்டுமொத்த மாற்றம் இதற்கு உதவாது. "பா டம்" என்பதிலுள்ள ஓட்டையும் இரண்டு சொல்லுக்கு இடையே உள்ள சரியான இடைவெளியும் வேர்டுக்கு ஒன்றுதான். அனுப்பியவரிடம் மூலக் கோப்பைக் கேளுங்கள். ஒன்றிரண்டு பக்கம் என்றால் திரும்பத் தட்டச்சு செய்வதே விரைவு.

சேது:
ஆகா! சாந்தி சொன்னதற்கு நம்மிடம் ஆயிரம் ஆண்டுப் பெயர் இருக்கிறது. வகையுளி! சொல்லைப் பார்க்காமல் ஓசையைப் பார்த்துச் சீர் பிரிப்பது. "கற்றதனா லாய பயனென்கொல்" என்று அச்சிடுகிறார்களே, "கற்றதனால்" என்பதன் ல் அடுத்த சீருக்குத் தாவிவிட்டதல்லவா?

இளங்கோ:
ஐயா, அங்கே வெண்பாவின் தளைக்காகப் பிரிக்கிறார்கள். இங்கே எந்தத் தளையும் இல்லை.

சேது:
காரணம் வேறு, காயம் ஒன்று. நான் விடமாட்டேன்.

மாலதி:
வகையுளியைப் பிறகு பார்ப்போம் ஐயா. இளங்கோ, தலைப்பு புதையாமல் செய்யும் வழியை எழுதுங்கள். சொல் கிடைக்காவிட்டாலும் பாடமாவது சரியாக இருக்கட்டும்.

இளங்கோ:
அட்டவணைகளை விட்டுவிட்டு உரையை மட்டும் தேர்ந்தெடுங்கள். வரி முடிவில் ஒட்டியிருக்கும் வெற்றிடத்தை முதலில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த படி தவறும்: `^w^p` தேடி `^p` ஆக்குங்கள். பிறகு ஒவ்வொரு தலைப்பின் கடைசியிலும் கையால் `##@@` தட்டுங்கள். இது ஒன்றுதான் கைவேலை, தலைப்பு எது என்று கண்ணுக்குத்தான் தெரியும். அதன்பின் உரையை மறுபடி தேர்ந்தெடுத்து, வரிசையாக:

```
Use wildcards (ஆன்)
  Find: ([.\?\!])^13    Replace: \1@@^p
Use wildcards (ஆஃப்)
  Find: ^p              Replace: ஓர் இடைவெளி
  Find: @@ + இடைவெளி   Replace: ^p
```

முதல் வரியில் `^13` ஏன் என்றால், Use wildcards போட்டிருக்கும்போது Find பெட்டி `^p`-ஐ ஏற்காது. இப்போது முற்றுப்புள்ளி உள்ள வரிமுடிவும் தலைப்பின் முடிவும் மட்டும் ¶ ஆக நிற்கும். `##` தேடித் தேடி ஒவ்வொரு தலைப்பிலும் Ctrl+Alt+1 அழுத்துங்கள். Navigation Pane-ல் தலைப்புகள் வரிசையாக வந்தால் சரி. கடைசியில் `##`-ஐ நீக்கிவிடுங்கள்.

ஒரு குறை உண்டு. "திரு." என்று ஒரு வரி முடிந்தால் அதையும் பத்தி முடிவாக எடுத்துக்கொள்ளும். பத்தியின் நடுவே ஒரு வாக்கியம் சரியாக வரி ஓரத்தில் முடிந்தாலும் அப்படியே. அதைப் படித்துத்தான் பிடிக்க முடியும்.

பஷீர்:
செய்து பார்த்தேன், தலைப்பெல்லாம் தப்பித்தது. ஆனால் தமிழ் எழுத்துகளின் மேல்விசிறி பாதி வெட்டுப்படுகிறதே?

இளங்கோ:
வரி உயரம் Exactly என்று இறுகியிருக்கும் அண்ணே. தலைப்பு வைப்பதற்கு முன்பே உரை முழுவதையும் தேர்ந்தெடுத்து Ctrl+Q. இறுக்கிய எழுத்து இடைவெளிக்கு Ctrl+Space, ஆனால் தடித்த எழுத்தும் சாய்வெழுத்தும் அதில் போய்விடும்.

மாலதி:
மிக்க நன்றி. சொல்லுக்கு வருவோம். வாக்கெடுப்பு: "பொய்ப்பத்தி" ஒன்று, "வேண்டாத என்டர்" மூன்று, "அடிமுறி" ஒன்று. "வேண்டாத என்டர்" என்றே அச்சுக்கு அனுப்புகிறேன்.

சேது:
என்னுடையது இரண்டு வாக்கு என்பதைக் கவனித்தீர்களா? எதிர்ப்பைப் பதிவு செய்க. "என்டர்" என்பது விசையின் பெயர். இந்தக் குறியை யாரும் அடிக்கவே இல்லையே, மாற்றும் நிரல் அல்லவா போட்டது?

மாலதி:
உண்மைதான் ஐயா, அதற்கு என்னிடம் பதில் இல்லை. இளங்கோ, கடைசிப் பத்தியின் முடிவில் ஒரு `@@` மட்டும் போகாமல் நிற்கிறது, ஏன்?

இளங்கோ:
கோப்பின் கடைசி ¶-ஐ வேர்டு அழிக்க விடாது. அதனால் அந்த இடத்தில் `@@`-க்குப் பிறகு இடைவெளி வரவில்லை. கையால் அழித்துவிடுங்கள்.