நீதிபதி பதவி நீக்க வாக்கெடுப்பில் ‘மொத்த உறுப்பினர்கள்’: விளக்கம் தேவை

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்க நாடாளுமன்ற அவைகளில் வேண்டிய பெரும்பான்மையைக் கூறும் அரசமைப்புச் சட்டப் பிரிவு 124(4) குறித்து எனக்கு ஓர் ஐயம்.

உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி மீதான குற்றச்சாட்டுகள் பலவற்றை விசாரணைக் குழு உறுதிசெய்த பின்னர், 1993 மே மாதம் மக்களவையில் நடந்த வாக்கெடுப்பில் 196 பேர் நீக்கத்தை ஆதரித்தனர். எதிர்த்து ஒருவரும் வாக்களிக்கவில்லை. 205 பேர் வாக்களிக்காமல் ஒதுங்கினர். வந்திருந்து வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கு என்ற நிபந்தனை இதனால் முழுமையாக நிறைவேறியது. ஆனால் 540க்கும் மேற்பட்டோர் கொண்ட அவையில், மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை என்ற மற்றொரு நிபந்தனை நிறைவேறாததால் தீர்மானம் தோற்றது. ஒதுங்கியிருப்பதே எதிர்வாக்கின் பயனைத் தந்துவிட்டது என்பது என்னை மிகவும் உறுத்துகிறது. ஆயினும், ஆளும் கட்சி தனக்குப் பிடிக்காத நீதிபதியை எளிதில் நீக்கிவிடாதபடி தடுப்பதும் இதே நிபந்தனைதான்.

காலியாக உள்ள இடங்களையும் ‘மொத்த உறுப்பினர்கள்’ என்ற எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும் என்றே நான் புரிந்துகொண்டிருக்கிறேன். இப்புரிதல் சரியா? இது அவை விதிகளை மட்டும் சார்ந்ததா, அல்லது இதற்கு நீதிமன்றத் தீர்ப்பின் ஆதாரமும் உண்டா? அரசமைப்பு நிர்ணய சபை விவாதங்களில் இந்த இரட்டை நிபந்தனைக்குக் கூறப்பட்ட காரணத்தை அறிந்தவர்கள், நாளைக் குறிப்பிட்டுச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.