சப்ளையரின் வங்கிக் கணக்கு மாற்றக் கடிதம்: யாரிடம் கேட்டு உறுதி செய்வது?

கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் உதவ வேண்டும். பழைய சப்ளையர் ஒருவரிடமிருந்து, இனி புதிய கணக்கில் பணம் போடச் சொல்லி லெட்டர்ஹெட்டில் கடிதம் வந்திருக்கிறது. அடுத்த இன்வாய்ஸுக்கு இன்னும் நான்கு நாள்தான்.

மின்னஞ்சல் அவர்களுடைய உண்மையான முகவரியிலிருந்தே, போன மாத இன்வாய்ஸ் உரையாடலின் தொடர்ச்சியாக வந்தது. Reply-To முகவரியும் அதேதான். ஆனால் அவர்களுடைய மெயில் பெட்டிக்குள் யாராவது புகுந்திருந்தால் இதெல்லாம் சரியாகத்தான் இருக்கும். கையெழுத்தும் முத்திரையும் பழைய கடிதத்திலிருந்து வெட்டி ஒட்டக்கூடியவை.

கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, நம் பதிவில் உள்ள எண்ணுக்குக் கூப்பிடுவதுதான் வழக்கம். புதிய கணக்கு எண்ணை நாம் வாசிக்காமல் அவர்களையே சொல்லச் சொல்ல வேண்டும். சிக்கல் இங்கேதான்: வெண்டர் மாஸ்டரின் மாற்றப் பதிவைப் பார்த்தால், அந்தத் தொலைபேசி எண்ணே மூன்று வாரத்துக்கு முன் ஒரு மின்னஞ்சலை நம்பி மாற்றப்பட்டிருக்கிறது. ஒப்பந்தத்தில் உள்ள பழைய எண் இயங்கவில்லை.

சிறு தொகை அனுப்பிப் பார்க்கலாம் என்கிறார்கள். "வந்துவிட்டது" என்று மோசடிக்காரரே பதில் போடுவார், அதனால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

என் கேள்விகள் இரண்டு. சப்ளையரின் பதிவு செய்யப்பட்ட அலுவலகத்துக்கு நேரில் ஆள் அனுப்புவது, சரக்கு வாங்கும் பிரிவினர் நேரில் பழகிய அவர்களுடைய விற்பனைப் பிரதிநிதி வழியாகக் கேட்பது, இவற்றில் எதை ஆடிட்டர் சான்றாக ஏற்பார்? உறுதியாகும்வரை பணத்தை நிறுத்துவதா, பழைய கணக்கிலேயே போடுவதா? அது உண்மையிலேயே மூடப்பட்டிருந்தால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும் என்று நினைக்கிறேன். இப்படிச் செய்தவர்கள் சொல்லுங்கள்.