கொலு பொம்மை கூரியரில் உடைந்தது, க்ளெய்மும் தள்ளுபடி: பேக்கிங்கில் எங்கே கோட்டை விட்டேன்?

பண்ருட்டிக்காரி

வணக்கம். எங்கள் வீட்டில் பரம்பரையாக மண் பொம்மை செய்கிறோம். மூன்று வருடமாக வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து வெளியூருக்கும் அனுப்புகிறேன். போன நவராத்திரிக்கு பெங்களூருக்குப் போன புல்லாங்குழல் கிருஷ்ணர் வலது கை முழங்கையோடு உடைந்து, கழுத்தில் விரிசலோடு போய்ச் சேர்ந்தார். ஒரு அடி உயரம், 2,800 ரூபாய். வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பேக்கிங்கில் நான் குறை வைக்கவில்லை என்றுதான் நினைத்தேன். பொம்மைக்கு மூன்று சுற்று பபிள் ராப். மளிகைக் கடையில் வாங்கிய பிஸ்கட் அட்டைப்பெட்டி. இடைவெளியில் கசக்கிய செய்தித்தாள். பெட்டி முழுக்க பிரவுன் டேப், அதற்கு மேல் ஸ்ட்ரெச் ஃபிலிம், நாலு பக்கமும் 'உடையும் பொருள்' ஸ்டிக்கர். காப்பீட்டுக்குத் தனியாகப் பணமும் கட்டினேன்.

க்ளெய்முக்கு வந்த பதில் இரண்டே வரி. வெளிப்பெட்டி நல்ல நிலையில் டெலிவரி ஆகியுள்ளது, உள் பேக்கிங் போதுமானதாக இல்லை. வாடிக்கையாளர் மறுநாள்தான் பிரித்தாராம், பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டார். என்னிடம் இருப்பது உடைந்த பொம்மையின் போட்டோ மட்டும். ஆடி பிறந்தால் ஆர்டர் வர ஆரம்பித்துவிடும். இந்தத் தடவை அவர்கள் மறுக்க முடியாத மாதிரி எப்படி பேக் செய்வது?

கொலுப்படி ராமு

தங்கச்சி, எங்கள் அப்பா காலத்தில் மரப்பெட்டியில் வைக்கோல் போட்டு லாரியில் பம்பாய்க்கே அனுப்பினோம். ஒன்றும் உடைந்ததில்லை. பபிள் ராப், தெர்மாகோல் எல்லாம் வீண் செலவு. வைக்கோலை இறுக்கித் திணித்தால் போதும்.

மாடிவீட்டு மாலா

எனக்கும் இதே கதைதான். ஆன்லைனில் வாங்கிய மிக்ஸி ஜாடி உடைந்து வந்தது. ஆப்பில் ரிட்டர்ன் பட்டனை அழுத்தினேன், இரண்டு நாளில் பணம் வந்துவிட்டது. நீங்களும் ரிட்டர்ன் போட்டுப் பாருங்களேன்.

பண்ருட்டிக்காரி

அக்கா, நான் வாங்கியவள் இல்லை, அனுப்பியவள். ரிட்டர்ன் பட்டன் இருந்தால் அதை என் வாடிக்கையாளர்தான் அழுத்துவார் :)

பழைய சர்வேயர்

காப்பீட்டு நிறுவனங்களுக்காகச் சேத மதிப்பீடு செய்து ஓய்வு பெற்றவன். அம்மா, நீங்கள் தோற்றது பேக்கிங்கில் பாதி, சாட்சியில் பாதி.

சாட்சியை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் அதைச் சொல்வதில்லை. பெட்டி முழுக்க டேப் சுற்றி, மேலே ஃபிலிமும் போட்டீர்கள். பெட்டி கீழே விழுந்தால் மூலை நசுங்க வேண்டும், அட்டை மடிந்து தழும்பு விழ வேண்டும். அந்தத் தழும்புதான் உங்கள் கட்சி சாட்சி. டேப்பும் ஃபிலிமும் அதை மூடி மறைத்துவிடும். வெளியே எந்த அடையாளமும் இல்லாமல் உள்ளே மட்டும் உடைந்திருந்தால், 'அனுப்பும்போதே உடைந்திருக்கும்' என்றோ 'உள்ளே ஆடி உடைந்தது' என்றோ எழுதுவது சுலபம். நானே அப்படி எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன்.

அதனால் வெளிப்பெட்டி புதிதாக, ஐந்தடுக்கு அட்டையாக, மேலே எதுவும் சுற்றாததாக இருக்கட்டும். பழைய பிஸ்கட் பெட்டி வேண்டாம். ஏற்கெனவே மடிந்த பெட்டியில் எந்த மடிப்பு பயணத்தில் வந்தது என்று யார் சொல்வது? மேலும் கீழும் நடு இணைப்பில் ஒன்று, இரண்டு ஓரங்களில் ஒவ்வொன்று என்று டேப் ஒட்டினால் போதும். நடு இணைப்பின் மேல் உங்கள் கையெழுத்து போட்ட காகிதச் சீட்டை ஒட்டி, டேப் அதற்கு மேல் வரட்டும். வழியில் யாராவது பிரித்தால் சீட்டு கிழிந்து காட்டிக்கொடுக்கும்.

இப்போது உள்ளே. உங்கள் கிருஷ்ணருக்கு உடைந்தது கையும் கழுத்தும். காரணம், பபிள் ராப்பை உடம்போடு சேர்த்து இறுக்கிச் சுற்றினீர்கள். பெட்டி விழும்போது பொம்மையின் எடை முழுக்க நீட்டிக்கொண்டிருக்கும் கையில் போய் இறங்குகிறது. கைக்கும் மார்புக்கும் நடுவே உள்ள பள்ளம், கழுத்துப் பள்ளம் இரண்டையும் முதலில் மெல்லிய டிஷ்யூ காகிதம் வைத்து மெதுவாக நிரப்புங்கள். அப்புறம் பபிள் ராப். பீடமும் முதுகும் பாரம் தாங்கட்டும், கை எதன் மேலும் அழுந்தக் கூடாது. அதை ஒரு சின்னப் பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியைப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். இரண்டுக்கும் நடுவே ஆறு பக்கமும் 5 செ.மீ. தெர்மாகோல் பலகை.

ராமு சார் சொன்ன வைக்கோல் நல்ல மெத்தைதான், மறுக்கவில்லை. ஆனால் அது மரப்பெட்டிக்கு, ஒரே லாரியில் போய் இறங்கும் சரக்குக்கு. கூரியரில் பெட்டி பலமுறை கை மாறும், பெல்ட்டில் ஓடும், மூட்டைக்கு அடியில் கிடக்கும். குலுங்கக் குலுங்க வைக்கோலும் கசக்கிய செய்தித்தாளும் அமுங்கி மேலே காலி இடம் விடும். பொம்மை மெல்ல அடிக்கு இறங்கி அட்டையைத் தொட்டுவிடும். செய்தித்தாள் போட்ட உங்கள் பெட்டியில் நடந்தது இதுதான் என்பது என் ஊகம்.

பண்ருட்டிக்காரி

சார், ரொம்ப நன்றி. டேப் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, அதிகம் சுற்றினால் அக்கறை என்று நினைத்தேன். ஆனால் பெட்டிக்குள் பெட்டி என்றால் கூரியர்க் கட்டணம் எங்கேயோ போகுமே? பொம்மை 30 செ.மீ. உயரம், 18 அகலம், 15 ஆழம். எடை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

பழைய சர்வேயர்

உண்மை, அந்த வலி இருக்கிறது. நிறைய கூரியர்களில் பெட்டியின் மூன்று அளவையும் செ.மீ.யில் பெருக்கி 5000 ஆல் வகுத்து, அதையும் நிஜ எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுகிறார்கள். பொம்மையைச் சுற்றி 3 செ.மீ. விட்டால் உள்பெட்டி 36, 24, 21. அதற்கு வெளியே 5 செ.மீ. விட்டால் 46, 34, 31. கணக்கு 9.7 கிலோ வருகிறது. நிஜ எடை நாலு கிலோ கூட இருக்காது.

குறைக்க வேண்டுமானால் உள்பக்கத்தில் குறையுங்கள், வெளி 5 செ.மீ.யில் கை வைக்காதீர்கள். 2,800 ரூபாய் பொம்மைக்கு இது கட்டுமா என்பது நீங்கள் வாடிக்கையாளரிடம் பேச வேண்டியது.

இன்னொன்று. காப்பீட்டுக்குப் பணம் கட்டியதாகச் சொன்னீர்கள். கூரியர் ரசீதான டாக்கெட்டில், சேதம் அனுப்பியவர் பொறுப்பு என்னும் 'ஓனர்ஸ் ரிஸ்க்' கட்டத்தில் டிக் இருந்ததா, கூரியர் பொறுப்பு என்னும் 'கேரியர்ஸ் ரிஸ்க்' கட்டத்தில் இருந்ததா? கவுன்டரில் இருக்கும் பையன் பழக்க தோஷத்தில் முதல் கட்டத்தில் டிக் போட்டுவிடுவான். பின்பக்கம் பொடி எழுத்தில் கண்ணாடி, மண், பீங்கான் சாமான்களுக்குப் பொறுப்பில்லை என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், எவ்வளவு அழகாக பேக் செய்தாலும் அங்கே பணம் வராது, வேறு கடை பாருங்கள். கையெழுத்துப் போட்ட டாக்கெட்டில் உள்ள பொறுப்பு வரம்பு அனுப்பியவரைக் கட்டுப்படுத்தும் என்று 1996இலேயே ஒரு கூரியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மதிப்பு 2,800 என்றால் டாக்கெட்டிலும் 2,800, பில்லிலும் 2,800. குறைத்து எழுதினால் அந்தக் குறைந்த தொகைதான்.

பெட்டிக்கடை பிரபு

சர்வேயர் சார் சொன்னதோடு ஒன்று. அடிபட்டால் சிவப்பாக மாறும் ஒரு ஸ்டிக்கர் கிடைக்கிறது. நான் கண்ணாடி விளக்கு அனுப்பும்போது வெளியே ஒட்டுகிறேன். சிவப்பாகிவிட்டால் கூரியர்காரன் தப்பு என்று நிரூபணம் ஆகிவிடும், க்ளெய்ம் கட்டாயம் கிடைக்கும்.

பழைய சர்வேயர்

பாதி சரி தம்பி. சிவப்பு, அடி விழுந்ததைச் சொல்லும். யார் கையில், எப்போது என்று சொல்லாது. 'புக் செய்யும் முன்பே சிவப்பாக இருந்தது' என்றால் என்ன செய்வீர்கள்? கவுன்டரில் ஒப்படைக்கும்போது அது வெள்ளையாக இருப்பதை வீடியோவில் காட்டியிருந்தால் மட்டுமே பிரயோஜனம். வாங்குபவர் அதைப் பார்த்து உஷாராகி அங்கேயே போட்டோ எடுப்பார் என்பதுதான் நான் கண்ட லாபம்.

வீடியோ எப்படி என்று கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். முதலில் பில், பிறகு பொம்மையைச் சுற்றிக் காட்டி, கை, கழுத்து இரண்டையும் கிட்டத்தில் காட்டுங்கள். அப்புறம் பேக்கிங், மூடுதல், தராசில் எடை, ஒட்டிய லேபிள், பெட்டியின் ஆறு பக்கம். அசல் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி அனுப்பித் தேய்ந்த பிரதியில் டாக்கெட் எண்ணே படிக்க வராது. வாங்குபவரும் அதே மாதிரி லேபிள், ஆறு பக்கம், வெட்டாத டேப், பிறகு பிரிப்பது என்று எடுக்க வேண்டும்.

மாடிவீட்டு மாலா

வாங்குகிறவள் என்ற முறையில் கேட்கிறேன். இப்போதெல்லாம் ஓடிபி வாங்கிக்கொண்டு பையன் பறந்துவிடுகிறான். முன்பு மாதிரி 'பெட்டி நசுங்கியுள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட இடமே இல்லையே?

பழைய சர்வேயர்

நல்ல கேள்வி அம்மா. ஓடிபி சொல்வதற்கு முன் பெட்டியை வாசலிலேயே வைத்து நசுங்கிய மூலையைப் போட்டோ எடுங்கள், அதை அன்றைக்கே டாக்கெட் எண்ணோடு கூரியருக்கு மின்னஞ்சல் செய்யுங்கள். பெட்டி, தெர்மாகோல், உடைந்த துண்டு எதையும் க்ளெய்ம் முடியும்வரை எறியக் கூடாது. பண்ருட்டி அம்மா, இதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்து, பிரிக்கும் முன்பே கண்ணில் படும்படி வெளியே லேபிளுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். உள்ளே போட்டால் படிக்கும்போது பெட்டி பிரிந்திருக்கும்.

பண்ருட்டிக்காரி

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். டாக்கெட்டைத் தேடி எடுத்தேன். ஓனர்ஸ் ரிஸ்க்கில்தான் டிக். நான் கட்டிய பணம் எதற்கு என்று கேட்டால் 'ஹேண்ட்லிங்' என்கிறார்கள். எழுத்தில் கேட்டிருக்கிறேன், பதில் இல்லை.

அப்புறம், சூளையில் லேசாக விரிசல் விட்ட ஒரு கிருஷ்ணரை சார் சொன்னபடி பேக் செய்து, என் தம்பி இடுப்பு உயரத்திலிருந்து, கிட்டத்தட்ட 75 செ.மீ., போட்டுப் பார்த்தான். ஒரு மூலை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்பு, ஆறு பக்கம் என்று பத்து தடவை. கை, கழுத்து அப்படியே இருந்தன. மூலை நசுங்கியது வெளியே பளிச்சென்று தெரிந்தது. புல்லாங்குழல் மட்டும் இரண்டாய்ப் போனது. அது தனிக் குச்சி, விரலில் செருகுவதுதான், கழற்றித் தனிக் குழாயில் வைத்து அனுப்பலாம் என்று அம்மா சொல்கிறார்.

கட்டணம்தான் இன்னும் இடிக்கிறது. பழைய மாதிரி அனுப்பினதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கேட்கிறார்கள். தசாவதாரம் செட் பத்தையும் ஒரே பெட்டியில் போட்டால் இடம் மிச்சம், ஆனால் ஒன்று இன்னொன்றோடு மோதுமே?

கொலுப்படி ராமு

பத்துக்கும் தனித்தனி அறை தடுத்த அட்டைப்பெட்டி போடு தங்கச்சி. மாம்பழப் பெட்டிக்காரன் செய்து தருவான். வைக்கோல் நான் இனிமேல் சொல்லவில்லை.

பழைய சர்வேயர்

அறை தடுப்பு சரி. ஆனால் வராகமும் நரசிம்மமும் கனமாக இருந்தால் அடி வரிசையில் வையுங்கள், பத்தையும் தராசில் போட்டு எடையை எழுதுங்கள். பெட்டி பத்துக் கிலோவைத் தாண்டினால் ஒருவர் தூக்கி இறக்கும்போது விழும் வாய்ப்பு கூடும். ஐந்து ஐந்தாக இரண்டு பெட்டி என்றால் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுச் சொல்லுங்களேன். அந்த ஹேண்ட்லிங் பணம் பற்றிய கடிதத்தைப் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பினீர்களா? சாலைவழி சரக்குச் சட்டம் 2007இன்படி வழக்குப் போடும் முன் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும், அதற்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாள்தான் கெடு. நவராத்திரி புக்கிங் என்றால் அது போயிருக்கும். ஆனாலும் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

பண்ருட்டிக்காரி

பார்த்தேன் சார். போயேபோய்விட்டது. இரண்டு பெட்டிக்கான விலையை நாளைக்குக் கேட்டுப் போடுகிறேன்.