புதுப்பிப்பு: மெதுவாகப் போகும் மருந்துகளுக்கு எந்த ஆர்டர் முறை?

என் பழைய கேள்வி: “மாதம் ஒரு அட்டை போகும் மருந்துக்கு, கையிருப்பு ஓர் அளவுக்கு இறங்கியதும் கணினியே ஆர்டர் எழுப்பும் ரீஆர்டர் பாயிண்ட் வைப்பதா, வாரம் ஒருமுறை பார்த்து ஆர்டர் போடுவதா?”

வாரமுறைக்கு மாறியாயிற்று. அடுத்த முறை பார்க்க 7 நாள், சரக்கு வர 2 நாள் ஆவதால் கையிருப்பு 9 நாள் தாங்க வேண்டும். அதற்குள் சராசரியாக 0.3 அட்டைதான் போகும். வாரந்தோறும் 2 அட்டை வரை நிரப்பினால் போதும்.

ரீஆர்டர் பாயிண்ட் வைத்தால் இதைவிடக் குறைந்த கையிருப்பே போதும் என்று இங்கே ஒருவர் சொன்னது பாதி சரி. 1 அட்டை வைத்து, அது விற்றதும் ஆர்டர் போட்டால் போதும்தான், ஆனால் அடுத்தது வரும் 2 நாளில் கேட்டு வருபவர்களாக நூற்றில் ஆறு பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள். அதைவிட மோசம், கணினியில் 1, அலமாரியில் 0 என்றால் ஆர்டர் எழவே எழாது. 90 நாள் விற்காத மருந்துகளைப் பட்டியலிட்டு, அலமாரியில் எண்ணிப் பாருங்கள்.

பாரசிட்டமால் பற்றிக் கேட்டவருக்கு: அது வேகச் சரக்கு, ரீஆர்டர் பாயிண்ட்டே சரி.

காலாவதி நெருங்கும் அட்டைகளைக் கிளைகளுக்குள் மாற்றுவது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.