சரியான இடத்துக்கு வந்தவுடன் 65536 குறைகிறது

பாயான் லெப்பாஸ் நைட் ஷிஃப்ட்

ரெண்டு வாரமா மண்டையைக் குடையுது, அதான் எழுதுறேன். அட்மெகா 328-ல ஃப்ரீக்வென்சி கவுன்ட்டர் கட்டியிருக்கேன், கிரிஸ்டல் போட்ட போர்டு. சிக்னல் 5ஆம் பின்ல நுழையுது, டைமர் 1 அதை எண்ணுது. டைமர் 2 ஒரு மில்லிசெகண்டுக்கு ஒரு இன்ட்டரப்ட், 1000 ஆனதும் கேட் மூடி, எண்ணிக்கையைப் படிச்சு, பூஜ்யமாக்கி, திரும்ப ஆரம்பம். ஓவர்ஃப்ளோவை தனி இன்ட்டரப்ட்ல கூட்டுறேன். எல்லாரும் செய்றதுதான்.

பழைய கடிகார சர்க்யூட்ல கழற்றின 4.194304 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்னு இருந்துச்சு. ஆசிலேட்டர் கட்டி, டிரிம்மரைத் திருப்பிச் சரியான இடத்துக்குக் கொண்டு வரலாம்னு உட்கார்ந்தேன். ராத்திரி ரெண்டு மணி. 4194362... 4194335... 4194318... மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இன்னும் ஒரு இழை திருப்புறேன், 4128774! கை நடுங்கிருச்சோன்னு இன்னும் கொஞ்சம் திருப்பினா 4194301. பின்னால திருப்பினா மறுபடியும் 41287-ல ஏதோ ஒன்னு. சரியான இடத்தைத் தொட்டா மட்டும் விழுது. ரெண்டு பக்கமும் நல்லா இருக்கு.

வேற கிரிஸ்டல் எல்லாம் ஒழுங்கா காட்டுது. இந்த ஒன்னு மட்டும் ஏன்?

செந்தூல் ஓரம்

இதே கதைதான் எனக்கும். ஜாலான் பசார்ல 4 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் பத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஊனோ போர்டுல எண்ணினா 3991 கிலோஹெர்ட்ஸ் சொச்சம். பத்துமே அப்படித்தான். கோபமா கடைக்குத் திரும்பிப் போய், லேப்டாப்பைக் கல்லாவுலயே வச்சுக் காட்டினேன். கடைக்காரர் ஒன்னும் பேசலை. வேற கம்பெனி கிரிஸ்டல் ஒன்னை எடுத்து நீட்டினார். அதுவும் 3991. பக்கத்துல மீ வாங்கிட்டு நின்னவர் வரைக்கும் சிரிச்சுட்டாங்க. ஊனோவுல அந்தச் சிப்புக்குக் கொடுத்திருக்கிறது செராமிக் ரெசனேட்டர், கிரிஸ்டல் இல்லை. கேட்டே ஒரு நொடியா இல்லைன்னா எண்ணிக்கை எப்படிச் சரியா வரும்? அதனால உங்க போர்டை மாத்துங்க.

டிப்ளமா மூனாவது செமஸ்டர்

செந்தூல் அண்ணே, அவங்க கிரிஸ்டல் போர்டுன்னு முதல் வரியிலேயே சொல்லிட்டாங்க. கேட் தப்புன்னா எல்லா அளவும் ஒரே விகிதத்துல தள்ளிப் போகும். ஒரு இடத்துல மட்டும் குழி விழாது.

அக்கா, நீங்க ஓடுற கவுன்ட்டரைப் படிக்கிறீங்க, அதான் பிரச்னை. படிக்கிறதுக்கு முன்னாடி `TCCR1B = 0` போட்டு நிறுத்துங்க, அப்புறம் படிங்க. எங்க லேப்ல எனக்கு அப்படித்தான் சரியாச்சு.

பாயான் லெப்பாஸ் நைட் ஷிஃப்ட்

நிறுத்திப் பார்த்தேன் தம்பி. அதே குழி. கொஞ்சம் நகர்ந்திருக்கு, அவ்வளவுதான்.

ஜெலுத்தோங் தாத்தா

விழுந்த எண்ணை அதுக்கு முன்னாடி வந்த எண்ணுல கழிச்சுப் பாத்தியாம்மா? 65536-ஐ ஒட்டி வரும். 4194304-ங்கிறது 65536-ஐ 64 தடவை எடுத்தது. உன் கிரிஸ்டல் சரியான இடத்துக்கு வரும்போதுதான் 64ஆவது ஓவர்ஃப்ளோவும் கேட் மூடுற நேரமும் ஒன்னா மோதிக்குது.

நடக்கிறது இதுதான். கேட் மூடுற இன்ட்டரப்ட்டுக்குள்ள சிப் நுழைஞ்சதும் மத்த இன்ட்டரப்ட் எல்லாம் வாசல்ல நிக்கும். ரெஜிஸ்டரை எல்லாம் ஓரம் கட்டி, 1000 ஆச்சான்னு பார்த்து, `TCNT1`-ஐ படிக்கிறதுக்குள்ள ரெண்டு மூனு மைக்ரோசெகண்ட் போயிடும். அதுக்குள்ள உன் சிக்னல் பத்துப் பன்னெண்டு தடவை அடிச்சிருக்கும். அந்த இடைவெளியில கவுன்ட்டர் 65535-ஐத் தாண்டினா, நீ படிக்கிறது 3, 5, 6-ன்னு சின்ன எண். ஆனா ஓவர்ஃப்ளோ இன்ட்டரப்ட் இன்னும் வாசல்லயே நிக்குது, 64 ஆகலை, 63-தான். 63 தடவை 65536, கூட ஒரு 6, அதான் உன் 4128774. ரெண்டும் ஒரே நேரத்துல கதவைத் தட்டினாலும் டைமர் 2-க்குத்தான் முதல் இடம், வெக்டர் வரிசையில அது முன்னால இருக்கு.

1 மெகாஹெர்ட்ஸ் வச்சுச் சோதிச்சா ஆயுசுக்கும் இது தெரியாது. 15 ஓவர்ஃப்ளோ போக மிச்சம் 16960, விளிம்புக்கு ரொம்பத் தூரம்.

தம்பி சொன்னது பாதி சரி. நிறுத்தினா கவுன்ட்டர் நகராது, நிஜம். ஆனா வாசல்ல நிக்கிறவனை யார் எண்ணுவா? கொடியைப் பார்க்கணும்:

```c
uint16_t t = TCNT1;
if ((TIFR1 & (1 << TOV1)) && t < 0x8000) ovf++;
total = ((uint32_t)ovf << 16) + t;
TCNT1 = 0;
TIFR1 = (1 << TOV1);
ovf = 0;
```

`t < 0x8000` எதுக்குன்னா, 65535-ன்னு படிச்ச அடுத்த நொடிப்பொழுதுல ஓவர்ஃப்ளோ ஆகிக் கொடி ஏறலாம். அதைக் கூட்டிட்டா 65536 அதிகமாயிடும். கடைசியில கொடியை இறக்க மறந்தா அடுத்த கேட்ல அது ஒரு ஓவர்ஃப்ளோவா நுழையும். அங்க `|=` போடாதே, ஏறியிருக்கிற மத்த கொடியும் சேர்ந்து இறங்கிடும்.

எங்க லைன்ல ஒரு காலத்துல 32768 கடிகாரக் கிரிஸ்டலுக்கு ஒரு டெஸ்ட்டர் கட்டினாங்க. 16 பிட் கவுன்ட்டர், ரெண்டு நொடி கேட், ஓவர்ஃப்ளோவை எண்ணவே இல்லை. ஸ்கிரீன்ல 65535, 65535, 0, 65535, 1. பூஜ்யம் காட்டினதெல்லாம் சிவப்புத் தொட்டியில. நான் ஒரு கை அள்ளி வேற கருவியில பார்த்தா, எல்லாம் தங்கம் மாதிரி கிரிஸ்டல். அந்தத் தொட்டி அன்னிக்கு எவ்வளவு நிறைஞ்சிருந்துச்சுங்கிறது இன்னும் கண்ணுல நிக்குது.

பிரிக்பீல்ட்ஸ் பெஞ்ச்

என் அனுபவம் சின்னது. வீட்டு மின்சாரத்தை டிரான்ஸ்ஃபார்மர் வழியா இறக்கி எண்ணினேன், 50, 50, 51, 50. அக்கம்பக்கத்துல எதுவோ ஓடுதுன்னு நினைச்சேன். இல்லை. ஒரு நொடி கேட்ல 50 துடிப்புன்னா, ஒன்னு கூடக் குறைய விழுந்தாலே 2 சதவீதம்.

அதனால நீங்க எல்லாரும் கேட் முறையையே விடணும்னு சொல்வேன். சிக்னலோட ஒரு சுற்றுக்குள்ள 16 மெகாஹெர்ட்ஸ் கிளாக் எத்தனை தடவை அடிக்குதுன்னு எண்ணுங்க. 50 ஹெர்ட்ஸுக்கு 320000 வரும், ஒன்னு தப்பினாலும் என்ன போச்சு? இன்புட் கேப்ச்சர் பின்ல கொடுங்க. முதல்ல ஷ்மிட் டிரிக்கர் ஒன்னு போடுங்க, 74HC14 போதும். இல்லைன்னா சைன் அலை மெதுவா ஏறும்போது சின்ன இரைச்சலே ரெண்டு மூனு விளிம்பா எண்ணிடும். வேணும்னா பத்துச் சுற்றுக்குச் சராசரி எடுங்க, நிதானம் வரும்.

டிப்ளமா மூனாவது செமஸ்டர்

4.19 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு சுற்றுக்கு நாலு கிளாக்கூட வராது அண்ணே. அக்கா கேட்டது அது இல்லையே.

தாத்தா, நிறுத்திட்டுக் கொடியைப் பார்த்தா அந்த 0x8000 வரி தேவையில்லைதானே? அப்போ என் வழிதான் சுருக்கம்.

ஜெலுத்தோங் தாத்தா

தேவையில்லை, ஒத்துக்கிறேன். ஆனா நிறுத்தித் திறக்கிற ஒவ்வொரு தடவையும் சில துடிப்பு தொலையும். பூஜ்யமாக்குறதுலயும் தொலையும், என் கோடுலயும் அந்தக் குறை இருக்கு. நானா இருந்தா ஓடவிட்டு, போன தடவை மொத்தத்தைக் கழிச்சுக்குவேன்.

பாயான் லெப்பாஸ் நைட் ஷிஃப்ட்

அங்கிள், குழி போச்சு! டிரிம்மரை அந்த இடத்துல முன்னயும் பின்னயும் அம்பது தடவை திருப்பிட்டேன், ஒரு தடவைகூட விழலை.

ஆனா இன்னொன்னு. இப்போ நிதானமா பார்த்தா, 16 கேட்டுக்கு ஒரு தடவை இருபது கூடுது, அடுத்ததுல அதே இருபது குறையுது. கோடுல சம்பந்தமில்லாத ஒரு வரி சேர்த்தா அது காணாமப் போகுது.

ஜெலுத்தோங் தாத்தா

`millis()` ஓடுதா? டைமர் 0 அதுக்காக 1.024 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை குறுக்க வரும். அந்த நேரம் உன் கேட் வந்தா காத்திருக்கணும். 16-ங்கிற கணக்கும் அதோட பொருந்துது. `TIMSK0 = 0` போட்டுப் பார்த்துட்டு வந்து சொல்லு.

பாயான் லெப்பாஸ் நைட் ஷிஃப்ட்

டிஸ்ப்ளே லைப்ரரிக்கு `delay()` வேணும் அங்கிள், அதை நிறுத்தினா திரையே வரலை. ஷிஃப்ட் முடிஞ்சு காலையில பார்க்கிறேன்.