நோட்டீஸ்ல நான் எழுதுன வரிய பேஷண்ட் திருப்பிக் கொண்டு வந்து காட்டினார்

ஓஎம்ஆர்_பிசியோ:
சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு கிளினிக்ல வேலை. ஐடி ஆளுங்களுக்குன்னு அடிச்ச நோட்டீஸ்ல "10 சிட்டிங்கில் முதுகுவலிக்கு நிரந்தர தீர்வு"னு எழுதினது நான்தான். டெஸ்டிங்ல இருக்குற ஒருத்தர், கெண்டைக்கால் வரைக்கும் இழுக்குற வலியோட வந்தார். குப்புறப் படுத்து கைய ஊணி நெஞ்ச தூக்குற பயிற்சிதான் மெயினா குடுத்தேன். பத்தாவது சிட்டிங்ல கால்ல வலியே இல்ல, இடுப்புல மட்டும் முன்னவிட கொஞ்சம் அதிகமா பிடிச்சுது. எங்களுக்கு அது நல்ல சகுனம், வலி கால்ல இருந்து மேல ஏறி நடு இடுப்புக்கு வந்தா சரியான வழியில போகுதுன்னு அர்த்தம். அவர் பர்ஸ்ல நாலா மடிச்சு வச்சிருந்த நோட்டீஸ எடுத்து டேபிள்ல விரிச்சு "பத்து முடிஞ்சுது மேடம்"னார். கோவமா கூட இல்ல. நான் எழுதுன வரியாலதான் தேறிட்டு வந்தவருக்கு தோத்துட்ட மாதிரி தெரிஞ்சிருக்கு.
இப்ப மாத்தி எழுதிருக்கேன்: "பலருக்கு சில வாரத்தில் வலி குறைகிறது. மறுபடி வரலாம், வந்தால் நீங்களே சமாளிக்கக் கற்றுத் தருகிறோம்."

சுழல்நாற்காலி:
எனக்கு எம்ஆர்ஐல எல்4-எல்5 பல்ஜ், இடுப்பு டிஸ்க் பிதுங்கிருக்குன்னாங்க. பிசியோலாம் வேஸ்ட்ங்க, நல்ல சேர் வாங்கி 90 டிகிரில நிமிந்து உக்காந்தேன், ஆறே வாரத்துல போச்சு. நோட்டீஸ்ல சேர் பத்தி போடுங்க.

பழைய_முதுகு:
சேர் அண்ணே, ஆறு வாரத்துல பாதி பேருக்கு மேல ஒண்ணும் பண்ணாமலே குறையும், பெருமைய சேர் தட்டிட்டு போயிருச்சு. பல்ஜ் வலியே இல்லாதவங்க ஸ்கேன்லயும் சர்வசாதாரணமா இருக்கும். 90 டிகிரில விறைப்பா எட்டு மணி நேரம் உக்காந்தாலும் வலிக்கும், அரைமணிக்கு ஒருதடவ எந்திரிச்சு பாட்டில்ல தண்ணி பிடிக்கப் போங்க, சின்ன பாட்டிலா வச்சுக்குங்க, போன் வந்தா நடந்துகிட்டே பேசுங்க, நல்லாருக்கேன்னு ஒரேநாள்ல ஜிம்முல போயி வெயிட் தூக்காதீங்க, நான் அப்டிதான் ரெண்டாவது தடவ படுத்தேன். கரண்ட் வைக்கிறது, இழுவை போடுறது எல்லாம் அன்னிக்கு சுகமா இருக்கும், அதையே நம்பி இருக்காதீங்க.

விளம்பரக்காரன்:
"குறையலாம், வரலாம்"னா எவன் வருவான்? எதிர்த்த கிளினிக் 100% கேரண்டின்னு பேனர் கட்டிருப்பான்.

ஓஎம்ஆர்_பிசியோ:
தெரியும். அதான் முதல் நாள் ஒரு மணி நேரம் முழுசா பாக்குறோம்னு போட்டேன், அத கேரண்டியா குடுக்க முடியும். இன்னொரு வரியும் இருக்கு: ஒண்ணுக்குப் போற இடத்த சுத்தி மரத்துப் போனா, சிறுநீர் வராம நின்னாலோ அடக்க முடியாம போனாலோ, கால் பலம் கொறஞ்சிட்டே வந்தா, எங்ககிட்ட வராதீங்க, அன்னிக்கே எமர்ஜென்சிக்கு போங்க.

பழைய_முதுகு:
அந்த வரி நோட்டீஸ்ல முன்பக்கமா பின்பக்கமா?

ஓஎம்ஆர்_பிசியோ:
முன்பக்கம் வச்சேன். ஓனர் கஸ்டமர் பயந்துருவாங்க, பின்னாடி சின்ன எழுத்துல போடுங்கறார். நாளைக்கு பிரிண்டுக்கு போகுது.